வீட்டுக்கடனுக்கு ஆபீஸில் பணிச் சான்று வாங்குவது எப்படி?

வீட்டுக்கடனுக்கு விண்ணப்பம் கொடுத்தாயிற்று, மூன்று மாத பே ஸ்லிப், ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட், ஃபார்ம் 16 எல்லாம் கொடுத்தாயிற்று. நான்கு நாள் கழித்து வங்கியிலிருந்து போன் வருகிறது: "சார், கம்பெனி லெட்டர்ஹெட்டில ஒரு எம்ப்ளாய்மென்ட் சர்ட்டிஃபிகேட் வாங்கிட்டு வந்துடுங்க." அது என்ன, யாரிடம் கேட்பது, அதில் என்ன எழுதியிருக்க வேண்டும் என்று முதல் முறை வீடு வாங்குகிறவர்களில் பலருக்குத் தெரிவதில்லை. நேராக ஹெச்.ஆரிடம் போய் "லோனுக்கு லெட்டர் வேணும்" என்று நிற்பார்கள், அவர்களும் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருக்கும் இரண்டு வரிக் கடிதத்தை அடித்துக் கொடுத்துவிடுவார்கள், வங்கி அதைத் திருப்பி அனுப்பும்.

ஒரகடம் பக்கம் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் பதினோரு வருஷம் ஹெச்.ஆர். பிரிவில் வேலை பார்த்தேன். இந்தக் கடிதத்தை நிறையப் பேருக்கு அடித்துக் கொடுத்திருக்கிறேன், திரும்பி வந்தவற்றையும் பார்த்திருக்கிறேன். அப்படித் திரும்பி வந்ததற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: கடிதத்தில் இருக்கிற பெயரோ, சேர்ந்த தேதியோ, சம்பளமோ, நீங்கள் கொடுத்த மற்ற காகிதங்களோடு ஒத்துப்போகாது. அதனால் கடிதம் கேட்பதற்கு முன்னால் நீங்கள் செய்ய வேண்டிய வேலைதான் இதில் பாதிக்கு மேல்.

முதலில், வங்கி கேட்பது எது?

மூன்று விதமான கடிதங்கள் இருக்கின்றன, வங்கிக்காரர்களே பேச்சில் மூன்றையும் மாற்றி மாற்றிச் சொல்வார்கள். ஒன்று பணிச் சான்று: இவர் எங்களிடம் இந்தத் தேதியிலிருந்து இந்தப் பதவியில் வேலை செய்கிறார் என்பது மட்டும். இரண்டாவது சம்பளச் சான்று: மாதச் சம்பளமும் பிடித்தங்களும் பிரித்துப் போட்டது. பல வங்கிகளுக்கு இந்த இரண்டும் ஒரே கடிதத்தில் இருந்தால் போதும். மூன்றாவது வேறு ரகம். உங்கள் சம்பளத்திலிருந்து தவணையைப் பிடித்து வங்கிக்கு அனுப்புகிறோம், இவர் வேலையை விட்டால் உங்களுக்குத் தகவல் சொல்கிறோம் என்று கம்பெனியே பொறுப்பேற்கும் உறுதிக் கடிதம். அரசு அலுவலகங்களிலும் பொதுத்துறை நிறுவனங்களிலும் இதைப் பார்க்கலாம், தனியார் கம்பெனிகள் பெரும்பாலும் தர மாட்டார்கள். இதைக் கேட்டு ஹெச்.ஆரோடு மல்லுக்கட்ட வேண்டாம். வங்கியிடம் "கம்பெனி உறுதிக் கடிதம் தருவதில்லை, பணிச் சான்றும் சம்பளச் சான்றும் தருவார்கள், தவணையை என் கணக்கிலிருந்தே தானாகப் பிடித்துக்கொள்ள ஒப்புதல் கொடுத்துவிடுகிறேன்" என்று சொன்னால் அநேகமாக ஒத்துக்கொள்வார்கள்.

ஆகவே போனில் கேட்டதை நம்பி ஓடாமல், வங்கியின் கடன் பிரிவு அதிகாரியிடம் மூன்று கேள்வி கேட்டு, பதிலை மெயிலிலோ வாட்ஸாப்பிலோ எழுதி வாங்குங்கள். எந்தக் கடிதம்? உங்களிடம் அதற்கென்று மாதிரிப் படிவம் இருக்கிறதா? கடிதம் யார் பெயருக்கு இருக்க வேண்டும், குறிப்பிட்ட கிளை மேலாளருக்கா, அல்லது "சம்பந்தப்பட்டவர்களுக்கு" என்று பொதுவாக இருந்தால் போதுமா? கடைசிக் கேள்வி சின்னதாகத் தெரியும். ஆனால் இரண்டு வங்கிகளில் விண்ணப்பித்திருந்தால் பொதுவான கடிதம் ஒன்று இரண்டு இடத்துக்கும் உதவும், ஒரு கிளைக்கு என்று வாங்கியது இன்னொரு இடத்தில் செல்லாது.

எல்லோரிடமும் இந்தக் கடிதத்தைக் கேட்க மாட்டார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பெரிய கம்பெனியில் ஐந்து வருஷமாக இருக்கிறவருக்குப் பே ஸ்லிப்பும் ஃபார்ம் 16ம் போதும் என்று விட்டுவிடுவதுண்டு. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாதவர், சமீபத்தில் கம்பெனி மாறியவர், இன்னும் புரொபேஷனில் இருப்பவர், பெயர் தெரியாத சிறிய கம்பெனியில் வேலை செய்பவர், இவர்களிடம்தான் விடாமல் கேட்பார்கள். உங்களிடம் கேட்டிருக்கிறார்கள் என்றால், உங்கள் காகிதங்களில் எது அவர்களுக்குச் சந்தேகமாக இருக்கிறது என்று நேரடியாகவே கேளுங்கள். அந்தச் சந்தேகத்துக்குப் பதில் சொல்லும் கடிதமாக வாங்க வேண்டும், பொதுவான கடிதம் வாங்கி என்ன பயன்?

ஹெச்.ஆரிடம் போகும் முன் ஒரு மணி நேர வேலை

பணி நியமனக் கடிதம், கடைசி இன்கிரிமென்ட் கடிதம், பே ஸ்லிப், பான் கார்டு, ஆதார், வங்கியில் கொடுத்த விண்ணப்பத்தின் நகல் எல்லாவற்றையும் மேஜையில் பரப்பிக்கொண்டு உட்காருங்கள். அப்புறம் பி.எஃப். உறுப்பினர் இணையதளத்தில் நுழைந்து `View` என்ற மெனுவில் `Service History` பக்கத்தைத் திறந்து அதையும் பிரின்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பார்க்க வேண்டியது மூன்று: பெயர், தேதி, சம்பளம்.

பெயரில் நம் ஊரில்தான் இந்தத் தொல்லை அதிகம். நியமனக் கடிதத்தில் "கே. செந்தில்குமார்" என்று இருக்கும். பான் கார்டில் இனிஷியலை விரித்து "செந்தில்குமார் கந்தசாமி" ஆகியிருக்கும், ஆதாரில் "செந்தில் குமார் கே" என்று நடுவில் ஓர் இடைவெளியோடு இருக்கும். நமக்கு மூன்றும் ஒரே ஆள்தான். ஆனால் கடன் கோப்பைப் பார்க்கிறவர் நம்மை நேரில் பார்த்ததில்லை, அவருக்கு அது மூன்று பெயர். பணிச் சான்றில் பான் கார்டில் உள்ளபடி பெயரைப் போட்டு, ஊழியர் எண்ணையும் சேர்க்கச் சொல்லுங்கள். பே ஸ்லிப்பில் அதே ஊழியர் எண் இருப்பதால் இரண்டும் ஒருவர்தான் என்று புரிந்துவிடும். ஹெச்.ஆர். "எங்க ரெக்கார்டுல இருக்கிற பெயரைத்தான் போடுவோம்" என்றால், பான் எண்ணையாவது கடிதத்தில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

சேர்ந்த தேதியில் வரும் சிக்கல் தொழிற்சாலைப் பக்கம் சகஜம். எங்கள் தர சோதனைப் பிரிவில் இருந்த ஒரு தம்பியின் கதையைச் சொன்னால் சம்பளம் வரைக்கும் எல்லாம் அதிலேயே வந்துவிடும்.

அவர் 2019 மார்ச்சில் கான்ட்ராக்டர் மூலமாக உள்ளே வந்தவர். 2021 ஜூலை 1ஆம் தேதி கம்பெனி அவரை நேரடி ஊழியராக எடுத்துக்கொண்டது. வங்கி விண்ணப்பத்தில் "இந்தக் கம்பெனியில் சேர்ந்த வருடம்" என்ற இடத்தில் 2019 என்று எழுதிவிட்டார். அவர் மனசில் அதுதான் உண்மை, அன்றைக்கு நுழைந்த அதே கேட்டில்தான் இன்றைக்கும் நுழைகிறார். ஆனால் எங்கள் பதிவேட்டில் 2021. கடிதத்தை எடுத்துக்கொண்டு போனார், இரண்டு வருஷம் எங்கே போயிற்று என்று வங்கியில் கேட்டார்கள். என்னிடம் வந்து, "அண்ணா, லெட்டர்ல 2019னு மாத்திக் கொடுங்களேன், நான் அப்ப இருந்து இங்கதானே இருக்கேன்" என்றார். அதை நான் செய்ய முடியாது. பி.எஃப். கணக்கில் 2021 வரைக்கும் கான்ட்ராக்டர் பெயர் இருக்கும்போது, கம்பெனி 2019 என்று எழுதினால் அது பொய்ச் சான்று. வங்கி பி.எஃப். விவரத்தைக் கேட்டாலே வெளியே வந்துவிடும்.

அவரிடம் இரண்டு காரியம் செய்யச் சொன்னேன். வங்கியில் எழுத்து மூலமாக விண்ணப்பத்தைத் திருத்தினார். `Service History` பிரின்ட்டைக் கூடவே வைத்தார், அதில் இரண்டு நிறுவனங்களும் இடைவெளி இல்லாமல் அடுத்தடுத்து இருந்தன. நான் கடிதத்தில் "01.07.2021 முதல் எங்கள் நேரடி ஊழியர், பணி நிரந்தரம் செய்யப்பட்டவர்" என்று தெளிவாகப் போட்டேன். மொத்த அனுபவம் ஆறு வருஷம் என்று வங்கியே கணக்குப் போட்டு எடுத்துக்கொண்டது.

நீங்கள் இன்னும் கான்ட்ராக்டர் பே ரோலில்தான் இருக்கிறீர்கள் என்றால், பே ஸ்லிப்பில் யார் பெயர் இருக்கிறதோ அவர்கள்தான் பணிச் சான்று தர வேண்டும். நீங்கள் தினமும் போய் வேலை செய்யும் கம்பெனி தராது, தந்தாலும் வங்கி அதை உங்கள் சம்பளத்தோடு பொருத்திப் பார்க்க முடியாது.

சம்பளத்தை எப்படி எழுதச் சொல்வது

அதே தம்பியின் இரண்டாவது சிக்கல் பணத்தில். கடனை ஏற்பாடு செய்து தருவதாக வந்த ஏஜென்ட் அவரிடம் ஆண்டு சி.டி.சி., அதாவது கம்பெனி ஒரு ஊழியருக்காக வருஷத்துக்குச் செய்யும் மொத்தச் செலவு, எவ்வளவு என்று கேட்டிருக்கிறார். இவர் இன்கிரிமென்ட் கடிதத்தைப் பார்த்து ஆறரை லட்சம் என்றார். ஏஜென்ட் அதைப் பன்னிரண்டால் வகுத்து, மாதம் 54,000, 26 லட்சம் வரைக்கும் கடன் கிடைக்கும் என்று சொல்லிவிட்டார். அதை நம்பி ஃபிளாட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கத் தயாராகிவிட்டார் தம்பி.

உண்மைக் கணக்கு இது. அடிப்படைச் சம்பளம் 25,000, வீட்டு வாடகைப் படியும் மற்ற படிகளும் சேர்த்து இன்னொரு 25,000, ஆக மொத்தச் சம்பளம் 50,000. சி.டி.சி.யில் இதற்கு மேல் இருப்பது கம்பெனி தன் பங்காகப் போடும் பி.எஃப். 3,000, கிராஜுவிட்டிக்கு என்று கணக்கில் வைக்கும் 1,200 சொச்சம். இந்த இரண்டும் மாதா மாதம் கையில் வராத பணம். மொத்தச் சம்பளத்திலிருந்து அவர் பங்கு பி.எஃப். 3,000மும் கேன்டீன், பஸ் பிடித்தம் 600ம் போக வங்கிக் கணக்கில் விழுவது 46,400.

எல்லாத் தவணைகளும் சேர்ந்து கைக்கு வரும் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது அவர் போன வங்கியின் கணக்கு. இந்த அளவு வங்கிக்கு வங்கி, சம்பளத்துக்குச் சம்பளம் மாறும். பாதி என்றால் 23,200, அதில் ஏற்கெனவே கட்டிக்கொண்டிருக்கும் பைக் தவணை 4,200 போக மிச்சம் 19,000. வட்டி 8.5 சதவீதம், 20 வருஷம் என்றால் ஒரு லட்சத்துக்கு மாதத் தவணை சுமார் 868 ரூபாய் வரும். 19,000ஐ அதால் வகுத்தால் 22 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஏஜென்ட் சொன்னதற்கும் இதற்கும் நாலு லட்சத்துக்கு மேல் இடைவெளி. அட்வான்ஸ் கொடுத்த பிறகு இது தெரிந்திருந்தால் அந்த நாலு லட்சத்துக்கு எங்கே போயிருப்பார்? நல்லவேளையாகச் சம்பளச் சான்றுக்காகக் கணக்கை விரித்துப் பார்த்தபோதே தெரிந்தது, வீட்டின் விலையைப் பேசிக் குறைக்கவும், அப்பாவிடமிருந்து கொஞ்சம் புரட்டவும் அவகாசம் கிடைத்தது.

அதனால் கடிதத்தில் சி.டி.சி.யை மட்டும் போட்டுத் தரச் சொல்லாதீர்கள், பெரிய எண் நல்லது என்று தோன்றினாலும். பேங்க் ஸ்டேட்மென்ட்டில் 46,400 விழுந்துகொண்டிருக்கும்போது 54,000 என்று ஒரு கடிதம் இருந்தால் வங்கி அதிகம் தராது, கேள்விதான் கேட்கும். மாத மொத்தச் சம்பளம், பிடித்தங்கள், நிகரச் சம்பளம் மூன்றும் தனித்தனியாக இருக்கட்டும். ஓவர்டைம், இன்சென்டிவ் வாங்குகிறவர்கள் அதை நிலையான சம்பளத்தோடு கலக்காமல், கடந்த ஆறு மாதச் சராசரி என்று தனி வரியில் போடச் சொல்லுங்கள். பாதியாவது கணக்கில் எடுக்கிற வங்கிகள் உண்டு, கலந்துவிட்டால் அதுவும் போய்விடும்.

இன்னொன்று. தமிழ்நாட்டில் தொழில் வரி அரையாண்டுக்கு ஒரு முறை. சில கம்பெனிகள் அதை மொத்தமாக ஒரே மாதத்தில் பிடிப்பார்கள். நீங்கள் கொடுக்கும் மூன்று பே ஸ்லிப்பில் அந்த மாதம் இருந்தால் நிகரச் சம்பளம் ஆயிரம் ரூபாய்க்கு மேல்கூடக் குறைந்து தெரியும். சான்றில் வழக்கமான மாதத்தின் கணக்கைப் போட்டு, தொழில் வரி அரையாண்டுக்கு ஒரு முறை பிடிக்கப்படுகிறது என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

கேட்கும் விதம்

வாயால் கேட்காமல் மெயிலில் கேளுங்கள், உங்கள் ஆபீஸ் மெயில் ஐ.டி.யிலிருந்து. பெரிய கம்பெனிகளில் ஊழியர் இணையதளத்திலேயே இதற்கு ஒரு விண்ணப்ப வழி இருக்கும், அங்கே போட்டால் தானாகவே கடிதம் வந்துவிடும். ஆனால் அந்தத் தானியங்கிக் கடிதத்தில் பல சமயம் சம்பளம் இருக்காது, அதைத் திறந்து பார்த்துவிட்டு வங்கிக்குக் கொடுங்கள். மேனேஜரிடம் கேட்க வேண்டியதில்லை, அவர் கையெழுத்துப் போட்டாலும் வங்கிக்குச் செல்லாது. ஹெச்.ஆர். அல்லது அக்கவுன்ட்ஸ் பிரிவில் கையெழுத்து அதிகாரம் உள்ளவர்தான் போட வேண்டும், சின்னக் கம்பெனியில் முதலாளியே போடலாம்.

மாதக் கடைசி வாரத்திலும் முதல் வாரத்திலும் போகாதீர்கள். சம்பளம் போடும் நேரம் அது, உங்கள் மெயில் அடியில் போய்விடும். பத்திலிருந்து இருபது தேதிக்குள் கேட்டால் இரண்டு மூன்று நாளில் வேலை முடியும். அப்படியும் வங்கி சொன்ன கெடுவுக்கு ஒரு வாரம் முன்னதாகவே கேட்டுவிடுங்கள்.

மெயில் இந்த அளவு இருந்தால் போதும், ஆபீஸ் வழக்கப்படி ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளலாம்:

"வணக்கம். நான் தர சோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன், ஊழியர் எண் இது. வீட்டுக்கடனுக்கு விண்ணப்பித்திருக்கிறேன். வங்கி பணிச் சான்றும் சம்பளச் சான்றும் கேட்கிறது, அவர்கள் அனுப்பிய மெயிலை இணைத்திருக்கிறேன். பான் கார்டில் உள்ளபடி என் பெயர், சேர்ந்த தேதி, தற்போதைய பதவி, பணி நிரந்தரம் செய்யப்பட்ட விவரம், மாத மொத்தச் சம்பளம், பிடித்தங்கள், நிகரச் சம்பளம் ஆகியவை இருக்க வேண்டும். பான் நகலும் கடைசி இன்கிரிமென்ட் கடிதமும் இணைத்துள்ளேன். 18ஆம் தேதிக்குள் கிடைத்தால் உதவியாக இருக்கும். வங்கியிலிருந்து சரிபார்க்க அழைப்பு வரும், யாருடைய எண்ணைக் கொடுக்கலாம் என்றும் சொல்லுங்கள்."

விவரங்களை நீங்களே எழுதிக் கொடுப்பதில் கூச்சப்பட வேண்டாம். ஹெச்.ஆர். பக்கம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இப்படி வரும் மெயிலைத்தான் முதலில் முடித்து அனுப்புவோம்.

கடிதம் கைக்கு வந்ததும் அங்கேயே நின்று படியுங்கள். முகவரியோடு லெட்டர்ஹெட், தேதி, கையெழுத்துப் போட்டவரின் பெயர், பதவி, தொலைபேசி எண், கம்பெனி சீல். கையெழுத்துக்குக் கீழே பெயர் இல்லாமல் கிறுக்கல் மட்டும் இருந்தால் வங்கி யாரைக் கூப்பிட்டுக் கேட்கும்? கடைசியில் "இந்தச் சான்றால் கம்பெனிக்கு எந்தப் பொறுப்பும் இல்லை" என்று ஒரு வரி இருக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், எல்லாக் கம்பெனியும் போடுவது அது, வங்கிக்கும் பழக்கம்தான்.

கொடுத்த பிறகு வரும் விசாரணை

கடிதம் கொடுத்ததோடு முடியவில்லை. வங்கி ஹெச்.ஆருக்குப் போன் செய்யும், அல்லது கம்பெனி மெயிலுக்கு எழுதிக் கேட்கும், அல்லது விசாரணைக்கு ஆள் அனுப்பும். அந்த ஆள் சொல்லாமல் வந்து கேட்டில் இறங்கி, இப்படி ஒருவர் இங்கே வேலை செய்கிறாரா என்று செக்யூரிட்டியிடம் கேட்பார். முந்நூறு பேர் இருக்கும் இடத்தில் செக்யூரிட்டிக்கு உங்களைக் "குமார்" என்றுதான் தெரியும், முழுப் பெயரைச் சொன்னால் அப்படி யாரும் இல்லை என்பார். வந்தவர் அதையே எழுதிக்கொண்டு போய்விடுவார். எங்கள் கேட்டில் இது இரண்டு முறை நடந்தது, இரண்டு பேரின் கடனும் வாரக்கணக்கில் இழுத்தது. கேட்டிலும் ரிசப்ஷனிலும் உங்கள் முழுப் பெயர், பிரிவு, எக்ஸ்டென்ஷன் எண் மூன்றையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்து, "இந்த வாரம் பேங்க்லருந்து யாராவது வந்தா கூப்பிடுங்கண்ணே" என்று சொல்லி வையுங்கள். வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்கள் அதை முன்கூட்டியே வங்கியிடம் சொல்லிவிடுவது நல்லது.

கம்பெனி கடிதமே தர மறுத்தால்? சின்ன இடங்களில் நடக்கும். முதலாளிக்குப் பெரும்பாலும் கேரண்டி கையெழுத்துக் கேட்கிறார்களோ என்ற பயம்தான். இது ஜாமீன் இல்லை, வேலை செய்கிறீர்கள் என்ற தகவல் மட்டும்தான் என்று வங்கி அனுப்பிய மெயிலையே காட்டுங்கள். அப்படியும் முடியாது என்றால் நியமனக் கடிதம், இன்கிரிமென்ட் கடிதம், இரண்டு வருஷ ஃபார்ம் 16, பி.எஃப். பாஸ்புக், ஐ.டி. கார்டு நகல், இவற்றைச் சேர்த்துக் கொடுத்து, இதை வைத்துப் பரிசீலியுங்கள் என்று வங்கியில் எழுதிக் கேட்கலாம். மாதா மாதம் பி.எஃப். விழுவது பாஸ்புக்கில் தெரிந்தாலே பாதிச் சந்தேகம் போய்விடும். சம்பளம் கையில் ரொக்கமாக வருகிறது, பி.எஃப். இல்லை என்றால் இந்த வழி பலிக்காது. முதலில் சம்பளத்தை வங்கிக் கணக்கில் போடச் சொல்லி, ஆறு மாதமாவது அப்படி ஓடவிட்டுப் பிறகு விண்ணப்பியுங்கள்.

ஜெராக்ஸ் கடையில் லெட்டர்ஹெட் அடித்துத் தருகிறேன், சீல் செய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். ஏஜென்ட்டுகளே சில நேரம் சொல்வார்கள். விசாரணையில் மாட்டினால் கடன் போவது மட்டுமல்ல, போலி ஆவணம் கொடுத்தவர் என்று வழக்கு வரும், வேலையும் போகும். ஏஜென்ட் பெயர் எதிலும் இருக்காது, கையெழுத்து உங்களுடையது.

வேலை மாறும் எண்ணம் இருக்கிறவர்கள் பணம் கைமாறும் வரை ராஜினாமா கடிதத்தைக் கொடுக்காமல் இருங்கள். அனுமதிக் கடிதம் வந்த பிறகும், பணம் விடுவிக்கும் முன் வங்கி இன்னொரு முறை ஹெச்.ஆரைக் கூப்பிட்டுக் கேட்கலாம், நோட்டீஸ் காலத்தில் இருக்கிறார் என்று பதில் வந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். கட்டிக்கொண்டிருக்கும் ஃபிளாட் என்றால் பணம் பல கட்டமாக விடுவிக்கப்படும், அதனால் வேலை மாறினால் புதுக் கம்பெனியின் நியமனக் கடிதத்தையும் முதல் பே ஸ்லிப்பையும் நீங்களாகவே வங்கியில் கொடுத்துவிடுங்கள்.

பத்திரமோ வில்லங்கச் சான்றோ தாமதமாகி இரண்டு மூன்று மாதம் இழுத்தால், பழைய பணிச் சான்றை வங்கி ஏற்காமல் போகலாம். ஹெச்.ஆரிடம் முதல் கடிதத்தின் நகலைக் காட்டி, தேதியை மாற்றிப் புதிதாகக் கொடுக்கச் சொல்லுங்கள். இடையில் இன்கிரிமென்ட் வந்திருந்தால் புதுச் சம்பளத்தையும் போடச் சொல்லுங்கள், ஆனால் அந்தப் புதுச் சம்பளம் ஒரு மாதமாவது கணக்கில் விழுந்த பிறகு. தர சோதனைத் தம்பிக்கு இரண்டாவது கடிதம் அப்படித்தான் அடித்துக் கொடுத்தேன், நாற்பது நாள் கழித்து 21 லட்சத்து 80 ஆயிரத்துக்கு அனுமதிக் கடிதம் வந்தது.